பத்து மில்லிகிராம் எங்கே போகிறது?

கேஸ் ஷீட்டில் நேற்று வரை இருந்த ஆர்டர்: மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இன்று காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் பயிற்சி மருத்துவர் எழுதிவிட்டுப் போனது: மார்ஃபின் ஊசி 10 மில்லிகிராம், தோலடியில், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. நோயாளிக்கு நாக்கில் புற்றுநோய். புண் பெருத்து, எச்சில் விழுங்குவதே பாடாகிவிட்டது. மாத்திரை இறங்காது என்பதால் ஊசியாக மாற்றியிருக்கிறார்கள். மருந்து அதே, எண் அதே, இடைவெளியும் அதே. ஆனால் எழுதியபடி ஊசி போட்டால், நேற்று அவர் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த மார்ஃபினைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இன்று போய்ச் சேரும்.

இந்த நோயாளி கட்டுரைக்காக நான் உருவாக்கிக்கொண்டவர். பிழை மட்டும் கற்பனை இல்லை. வலி நிவாரணம் பற்றிய பாடநூல்கள் எல்லாம் எச்சரிக்கிற பழைய பிழை அது. நர்சிங் மாணவர்கள் ஃபார்மகோகைனெடிக்ஸ் என்ற பாடத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பதுதான் அந்தப் பாடம். மார்ஃபின் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போனாலே அதில் முக்கால்வாசி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் மாத்திரையின் வழியே போவோம். விழுங்கிய மாத்திரை இரைப்பையில் ஊறி உடைந்து, துகளாகி, கரைய வேண்டும். கரைந்த மருந்துதான் குடல் சுவரைக் கடக்கும். பலர் நினைப்பதுபோல் இரைப்பையில் பெரிதாக எதுவும் உறிஞ்சப்படுவதில்லை. மார்ஃபின் ஒரு வலுக்குறைந்த காரம். இரைப்பையின் அமிலத்தில் அதன் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று நிற்கும். அந்த நிலையில் கொழுப்பாலான செல் சவ்வைக் கடப்பது கடினம். சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் உறிஞ்சுதல் சூடு பிடிக்கிறது. அங்கே அமிலமும் குறைவு, உறிஞ்சும் பரப்பும் பல மடங்கு அதிகம். ஆகவே மாத்திரை எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்பது, இரைப்பை எவ்வளவு சீக்கிரம் அதைக் கீழே தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் தாமதம். வாந்தி உணர்வு, கடும் வலி, பயம் இருந்தால் தாமதம். மார்ஃபினே இரைப்பையின் அசைவைக் குறைக்கும் மருந்து என்பதால், அது தன் அடுத்த வேளையைத் தானே தாமதப்படுத்திக்கொள்கிறது.

மாத்திரை கொடுத்துப் பத்து நிமிடத்தில் நோயாளி வாந்தி எடுத்துவிட்டால் திரும்பக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வாந்தியில் மாத்திரை முழுசாகக் கண்ணில் பட்டால் அது உறிஞ்சப்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்த வாந்தியில் மாத்திரையைத் தேடிப் பயனில்லை. பெரும்பகுதி குடலுக்குப் போயிருக்கும். இடைப்பட்ட நேரத்தில்தான் குழப்பம். அப்போது ஊகத்தில் இன்னொன்றைக் கொடுக்காமல், எத்தனை மணிக்கு விழுங்கினார், எத்தனை மணிக்கு வாந்தி, அதில் என்ன தெரிந்தது என்று மூன்றையும் மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையும் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று போதும். அதில் இருப்பது நீண்ட நேரம் உடம்பில் தங்கும் வேறு மார்ஃபின் இல்லை. அதே மார்ஃபின், மெதுவாகக் கசியும்படி ஒரு பிசின் அமைப்புக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரைல்ஸ் டியூப் போட்ட நோயாளிக்கு எல்லா மாத்திரைகளையும் இடித்துத் தண்ணீரில் கலக்கி விடுவது நம் வார்டுகளில் நாள்தோறும் நடக்கிற வேலை. இந்த மாத்திரையை இடித்தால் பூட்டு உடைந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான 30 மில்லிகிராமும் ஒரே மணி நேரத்தில் குடலுக்குக் கிடைத்துவிடும். முதல் சில மணி நேரம் ஆபத்தான தூக்கம், பிறகு மிச்ச நேரமெல்லாம் வலி என்று ஆகும். அட்டையில் எஸ்.ஆர். என்றோ, வேறு எந்த வகையில் மெதுவாக வெளிவிடும் மாத்திரை என்றோ குறித்திருந்தால் உரலைத் தொடக்கூடாது.

சாதாரண மாத்திரைக்கே திரும்புவோம். குடல் சுவரைக் கடந்த மார்ஃபின் நேராக உடம்புக்குள் போய்விடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் திரண்டு முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சாப்பாட்டோடு வரும் நஞ்சை வடிகட்ட உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. கல்லீரலுக்கு மருந்தும் ஓர் அந்நியப் பொருள்தான். அது மார்ஃபின் மூலக்கூறின் மேல் குளுக்குரானிக் அமிலத்தைப் பொருத்தி, சிறுநீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. குடலிலிருந்து இதயத்தை எட்டுவதற்குள், அந்த முதல் சுற்றிலேயே, பாதிக்கு மேல் போய்விடும். வகுப்பில் ஃபர்ஸ்ட் பாஸ் என்று சொல்வது இதைத்தான். விழுங்கிய 10 மில்லிகிராமில் மார்ஃபினாகவே பொது ரத்த ஓட்டத்தை எட்டுவது சராசரியாக 3 மில்லிகிராம். சராசரி என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ஒருவருக்கு 2 கிடைக்கும், இன்னொருவருக்கு 4 கிடைக்கும். கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிக்கு இன்னும் கூடுதலாகவே கிடைக்கும்.

கைச்சிரையில் போடும் ஊசிக்கு இந்தத் தடை கிடையாது. அது இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, உடம்பெங்கும் பரவிய பிறகுதான் அதில் ஒரு பங்கு கல்லீரலுக்கு வருகிறது. 10 போட்டால் 10-ம் ரத்தத்தில் இருக்கும். தோலடி ஊசியும் தசை ஊசியும் இதே கணக்குத்தான். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் குறையாது. நெஞ்சுவலிக்காரருக்கு சார்பிட்ரேட் மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். வாயின் அடிப்புறச் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போகின்றன. பதற்றத்தில் அதை விழுங்கிவிட்டால், இரைப்பை, குடல், கல்லீரல் என்று சுற்றி, தாமதமாகவும் குறைவாகவும்தான் போய்ச் சேரும்.

மார்ஃபினின் ஃபர்ஸ்ட் பாஸ் கதையில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. 1960களில் நியூயார்க்கில் நடந்த ஆய்வுகளில், ஒரே ஒரு வேளை மட்டும் கொடுத்து ஒப்பிட்டபோது, ஊசிக்கு ஈடான வலி நிவாரணத்துக்கு வாய்வழியே ஆறு மடங்கு தேவைப்பட்டது. வாயால் கொடுக்கும் மார்ஃபின் பிரயோஜனமில்லாதது என்ற எண்ணம் பரவலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் போன்ற ஹாஸ்பிஸ்களில், நேரம் தவறாமல் நான்கு மணிக்கொருமுறை வாய்வழியே கொடுத்து வந்தவர்கள் பார்த்தது வேறு. தொடர்ந்து கொடுக்கும்போது மூன்று மடங்கே போதுமானதாக இருந்தது. பின்னால் கிடைத்த விளக்கம் இது: கல்லீரல் உண்டாக்கும் பொருள்களில் பெரும்பகுதி எம்3ஜி, அதற்கு வலியைக் குறைக்கும் குணம் இல்லை. சிறு பங்கு எம்6ஜி. அது மார்ஃபினைப் போலவே வலியைக் குறைக்கும், மூச்சையும் குறைக்கும். தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க எம்6ஜி ரத்தத்தில் சேர்ந்து, கல்லீரல் பறித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இந்த எம்6ஜியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேறு முகத்தோடு வரும்.

இப்போது நம் நோயாளியின் ஆர்டரைத் திருத்திவிடலாம். நான்கு மணிக்கொருமுறை 10 என்றால் ஒரு நாளில் ஆறு வேளை, மொத்தம் 60 மில்லிகிராம். மூன்றால் வகுத்தால் ஊசியில் நாளுக்கு 20 மில்லிகிராம். ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு மூன்று மில்லிகிராமுக்குச் சற்று மேல். 3 என்றே தொடங்கலாம். தோலடி ஊசிக்கு மூன்றுக்குப் பதில் இரண்டால் வகுக்கச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் 10 என்ற விடை வராது. குறைவாகத் தொடங்கி, வலி மிஞ்சினால் கொடுக்க ஒரு கூடுதல் வேளையையும் ஆர்டரில் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது அதே 3 மில்லிகிராம். நம் சந்தையில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள ஆம்ப்யூலும் கிடைக்கிறது, 15 உள்ளதும் கிடைக்கிறது. முதலாவதில் 0.3 மில்லி எடுக்க வேண்டும், இரண்டாவதில் 0.2 மில்லி. இத்தனை கணக்கும் சரியாகப் போட்ட பிறகு ஆம்ப்யூலின் லேபிளைப் பார்க்காமல் கோட்டை விடுபவர்களும் உண்டு.

அடுத்து, நேரம். “மாத்திரை கேக்காது சிஸ்டர், ஊசியாப் போடுங்க” என்று கேட்காத நோயாளி நம் ஊரில் குறைவு. ஊசி சீக்கிரம் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் என்பது எந்த வழியில் போட்டோம் என்பதோடு முடிவதில்லை. மருந்தின் குணமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. சிரையில் போட்ட மார்ஃபின் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது அந்தக் கணத்திலேயே. ஆனால் வலியைக் குறைக்க வேண்டிய இடம் மூளையும் தண்டுவடமும். அங்கே நுழைய ரத்த-மூளைத் தடுப்பைக் கடக்க வேண்டும். மார்ஃபின் கொழுப்பில் அவ்வளவாகக் கரையாத மருந்து என்பதால் தடுப்பை மெதுவாகத்தான் கடக்கும். சில நிமிடங்களில் வேலை தொடங்கினாலும் முழு விளைவு தெரிய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகிறது. ஃபென்டனில் கொழுப்பில் நன்றாகக் கரையும். சிரையில் போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் உச்சம். அறுவை அரங்கில் அதை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இனி அந்த நோயாளியின் மனைவி வந்து நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். “ஊசி போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு சிஸ்டர், இன்னும் வலிக்குதுங்கிறாரே, இன்னொண்ணு போட்டா என்ன?” ஐந்தாவது நிமிடத்தில் சிரை வழியே இன்னொன்று போட்டால், முதல் ஊசியின் உச்சமும் இரண்டாவதன் ஏற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அறுவைக்குப் பின் கண்காணிப்பு அறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள்தான். அங்கே மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஆக்சிஜன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஒரு நர்ஸ் தலைமாட்டிலேயே நிற்பார். முப்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர் இருக்கும் வார்டு அப்படிப்பட்ட இடமில்லை. மருந்தின் பலனைப் பார்க்கத் திரும்பிப் போகும் நேரத்தை வழி தீர்மானிக்க வேண்டும்: சிரை வழி என்றால் பதினைந்து, இருபது நிமிடத்தில், தோலடி என்றால் அரை மணியில், சாதாரண மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். வலி எவ்வளவு என்று கேட்கும் அதே நேரத்தில் மூச்சையும் ஒரு முழு நிமிடம் எண்ணிவிட வேண்டும். விளைவு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆபத்தும் உச்சத்தில் இருக்கும்.

தோலடி, தசை ஊசிகளின் வேகம் ரத்த ஓட்டத்தின் கையில் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் தேங்கிய மருந்தை அங்குள்ள நுண்குழாய்கள்தான் வாரிக்கொண்டு போக வேண்டும். அந்த ஓட்டம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் உலகப் போரின் இத்தாலியக் களம் காட்டியது. அமெரிக்கப் படையின் மருத்துவச் சிப்பாய்களிடம் பற்பசைக் குழாய் போன்ற சிறு ஊசிக்குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அரை கிரெயின், அதாவது சுமார் 32 மில்லிகிராம் மார்ஃபின். இன்றைய கணக்கில் பெரிய அளவு. அடிபட்டவனுக்குத் தோலடியில் அழுத்திவிட்டு, காலிக் குழாயை அவன் காலரில் குத்தி வைப்பார்கள், அடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்று. ரத்தம் இழந்து, குளிரில் விறைத்துக் கிடப்பவனுக்குத் தோலிலும் தசையிலும் ரத்த ஓட்டம் அற்பம். மருந்து போட்ட இடத்திலேயே கிடக்கும். வலி குறையவில்லையே என்று இன்னொன்று போடுவார்கள். பின்னால் மருத்துவ முகாமுக்குக் கொண்டுவந்து, போர்வை போர்த்தி, ரத்தம் ஏற்றியதும் உறங்கிக்கிடந்த நுண்குழாய்கள் திறக்கும். போட்ட மார்ஃபின் முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தத்துக்கு வந்து சேரும். பிழைத்துவிட்டான் என்று எண்ணியவனுக்கு மூச்சு அடங்கத் தொடங்கும்.

ஹார்வர்டைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் இதை நேரில் பார்த்து 1944-இல் எழுதினார். அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்குச் சிறு அளவில் சிரை வழியே கொடுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வு. சாலை விபத்தில் அடிபட்டு, கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் தாழ்ந்து வரும் ஒருவருக்கு அவசரத்தில் தசை ஊசி போடாமல் முதலில் சிரையைப் பிடிக்கச் சொல்வது இன்றைக்கும் அதே காரணத்துக்காகத்தான்.

இதன் நேர் எதிர் ஓரத்தில் இருக்கிறது ஃபென்டனில் ஒட்டு. சிரையில் ஐந்து நிமிடத்தில் உச்சம் தொடும் அதே மருந்து, தோலில் ஒட்டினால் முழுப் பலன் தர பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். முதலில் தோலின் கொழுப்பில் ஒரு கிடங்கு நிரம்ப வேண்டும். ஒட்டைப் பிய்த்து எடுத்த பிறகும் அந்தக் கிடங்கு வடிந்துகொண்டே இருக்கும். ரத்த அளவு பாதியாவதற்கே பதினேழு மணி நேரம் போல ஆகிவிடுகிறது. ஒட்டு போட்ட அன்று இரவு வலி குறையவில்லை என்று இரண்டாவது ஒட்டைப் போடுவதும், மயக்கம் கண்டவரிடமிருந்து ஒட்டை எடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள். காய்ச்சலோ வெந்நீர் ஒத்தடமோ தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் உறிஞ்சுதலும் கூடும் என்பதையும் வீட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

அரை ஆயுள் என்ற கணக்குக்கு வந்துவிட்டோம். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. மார்ஃபினுக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். கணக்குக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் 100 பங்கு இருந்தால் மூன்று மணிக்கு 50, ஆறு மணிக்கு 25. இரவு ஒன்பதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6. ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மருந்து ஏறக்குறைய தீர்ந்தது எனலாம். இருப்பதில்தான் பாதி போகிறது என்பதைக் கவனியுங்கள். அளவு அதிகமாக இருந்தால் அதிகமாக வெளியேறும், குறைந்தால் குறைவாக வெளியேறும்.

நான்கு மணிக்கொருமுறை தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வேளையில் 100 பங்கு. நான்கு மணி நேரத்தில் 40 மிஞ்சும். அதன்மேல் இரண்டாவது வேளை: 140. அதில் மிஞ்சுவது 56. மூன்றாவது வேளையோடு 156. பிறகு 162, 164 என்று ஏற்றம் சுருங்கிக்கொண்டே வந்து 166-க்கு அருகில் நின்றுவிடும். அடியில் ஓட்டையுள்ள குடத்தில் நீர் ஊற்றுவதுபோலத்தான். நீர்மட்டம் ஏற ஏற ஒழுகலும் வேகமாகும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமான இடத்தில் மட்டம் நிற்கும். அந்த இடத்துக்கு வர எடுக்கும் நேரம் நான்கைந்து அரை ஆயுள். அளவைக் கூட்டினால் மட்டம் உயரும், ஆனால் அங்கே போய்ச் சேர ஆகும் நேரம் மாறாது.

மார்ஃபினுக்கு அது பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம். இன்று காலை அளவைக் கூட்டிவிட்டு மதியமே “கேக்கலையே” என்று மறுபடி கூட்டுவது அவசரம். மட்டம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் பொறுத்து, அதற்குள் எத்தனை கூடுதல் வேளை கேட்டார் என்று எண்ணிப் பார்த்துக் கூட்டுவதுதான் முறை. வலி வரும்போது மட்டும் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு வேளை தவறினால் மட்டம் இறங்கும். வலி தலைதூக்கிய பிறகு அதை அடக்க முன்பிருந்ததைவிடக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கும். நடு இரவில் நோயாளியை எழுப்பாமல் இருக்க, இரவு பத்து மணி மாத்திரையை மட்டும் இரட்டித்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணி வேளையை விட்டுவிடுவது இந்தக் கணக்கில் தெரிந்தே செய்யும் ஒரு சலுகை.

நம் நோயாளிக்கு 3 மில்லிகிராம் ஊசி தொடங்கி இரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் நன்றாக இருந்தார், உட்கார்ந்து பேசினார். இரண்டாம் நாள் மாலை பேச்சுக்கு நடுவே கண் சொருகுகிறது. தூக்கத்தில் கை சட்டென்று உதறுகிறது. கண்மணி குண்டூசித் தலையளவு. மூச்சு நிமிடத்துக்கு ஒன்பது. மருந்தை யாரும் கூட்டவில்லை. கணக்கு சரி, ஆம்ப்யூலும் சரி. பிறகு என்ன?

இன்டேக் அவுட்புட் சார்ட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். விழுங்க முடியாதவர் தண்ணீரும்தான் குடிக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 300 மில்லிகூட இல்லை. மார்ஃபினைக் கல்லீரல் வழக்கம்போல மாற்றித்தான் வருகிறது. மாற்றிய எம்6ஜியை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம்; அது தளர்ந்துவிட்டது. நல்ல சிறுநீரகம் இருந்தால் எம்6ஜியின் அரை ஆயுள் மூன்று, நான்கு மணி நேரம். சிறுநீரகம் செயலிழக்கும்போது அது ஒரு நாளையும் தாண்டிப் போகலாம். ஒரு பேச்சுக்கு 24 மணி என்று வைத்துக் குடத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் 100-இல் மிஞ்சுவது 40 இல்லை, 89. மட்டம் 166-இல் நிற்காது, 900-ஐத் தாண்டும். அதிலும் ஒரே நாளில் தாண்டாது, ஐந்தாறு நாளில் மெல்லத் தாண்டும். அதனால்தான் முதல் நாள் நன்றாகப் பேசியவர் இரண்டாம் நாள் மயங்குகிறார். இப்படிப்பட்டவருக்கு ஊசியைத் தொடர்ந்தால் மூன்றாம் நாள் இன்னும் மோசமாகும்.

அடுத்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரை அழைப்பது முதல் வேலை. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறார், மூச்சு எட்டுக்குக் குறையவில்லை என்றால், ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு, ட்ரிப்ஸ் ஏற்றிக் காத்திருக்கவே பெரும்பாலும் சொல்வார்கள். எட்டுக்குக் கீழே போய், எழுப்பவும் முடியாமல் போனால் நலாக்சோன். 0.4 மில்லிகிராம் ஆம்ப்யூலை 10 மில்லியாகக் கலந்து, சிரை வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு சீராகும் வரை மட்டும். முழு ஆம்ப்யூலையும் ஒரேயடியாகத் தள்ளினால் மூச்சோடு சேர்ந்து அடக்கிவைத்த புற்றுநோய் வலியும் மொத்தமாகத் திரும்பி வரும்.

நலாக்சோன் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை செய்யும். அதனால்தான் அதைப் போட்டவுடன் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. அதன் அரை ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. எம்6ஜியோ இன்னும் ஒரு நாளைக்குமேல் அங்கேயே இருக்கப் போகிறது. ஆகவே மாலை ஏழு மணிக்கு விழித்துப் பேசியவரை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் போய்ப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். தேவைப்பட்டால் நலாக்சோனைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அல்லது பம்ப் வைத்து ஓட்ட வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு வருபவரிடம் “நலாக்சோன் கொடுத்தாச்சு, முழிச்சிட்டார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதாது. எத்தனை மணிக்குக் கொடுத்தது, மொத்தம் எத்தனை மில்லி, கடைசி மார்ஃபின் எப்போது, சிறுநீர் எவ்வளவு என்பதும் சேர்ந்து போக வேண்டும். மறுநாள் ரவுண்ட்ஸில் க்ரியாட்டினின் அறிக்கையோடு ஆர்டர் மாறும்: மார்ஃபினைத் தொடர்வதானால் அளவைக் குறைத்து இடைவெளியை எட்டு மணி நேரமாக்குவார்கள், இல்லாவிட்டால் சிறுநீரகத்தை இந்த அளவுக்கு நம்பியிராத ஃபென்டனிலுக்கு மாறுவார்கள்.